ஜெபமாலையும் டாரட் சீட்டும்

டாரட் பார்க்க வரும் கத்தோலிக்கர்களில் பலர், உட்கார்ந்ததும் வந்த காரியத்தைச் சொல்வதில்லை. முதலில் அவர்கள் கேட்பது, "இது பாவமா?" என்றுதான். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். சிலர் கழுத்திலிருக்கும் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு, கேட்காமலே கேட்பார்கள். சீட்டு பார்ப்பதையே தொழிலாகச் செய்துவரும் எனக்கு, இந்த ஒரு கேள்வியை எப்படி எதிர்கொள்வது என்பது சீட்டுகளின் அர்த்தங்களைப் படிப்பதைவிடக் கடினமான பாடமாகத் தோன்றுகிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா, வெறும் படம்தான்" என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலான ரீடர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வந்தவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பாவம் எது, பாவமில்லாதது எது என்பது அவருக்கும் அவருடைய திருச்சபைக்கும் இடையிலான விஷயம். மேஜையின் மறுபக்கம் பணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் அதில் தீர்ப்புச் சொல்வது, வழக்கில் லாபமடையப் போகிறவரே நீதிபதியாக உட்காருவது போன்றது. அதைவிட முக்கியமாக, அந்தப் பதில் உண்மையுமில்லை. வந்தவர் வீட்டுக்குப் போனபின் அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலோ ஜெபக்கூட்டத்திலோ நேர்மாறாகக் கேள்விப்படுவார். அப்போது முதலில் இருந்த பயத்தோடு, மறைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே கேட்க வருபவரின் சபை உண்மையில் என்ன சொல்கிறது என்பது சீட்டு பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992-இல் வெளியானது. அதில் முதல் கட்டளையை விளக்கும் பகுதியில், 2116-ஆம் எண் பத்தியில், குறி கேட்கும் எல்லா வழிகளும் விலக்கப்பட வேண்டியவை என்று தெளிவாக இருக்கிறது. ராசிபலன், கைரேகை, சகுனம், சீட்டுப் போட்டுப் பார்த்தல், ஆவிகளோடு பேசுபவர்களிடம் போவது எல்லாம் அதில் அடக்கம். டாரட் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு "உங்க புத்தகத்துல டாரட்னு போடவே இல்லையே" என்று வாதாடும் ரீடர்கள் உண்டு. அது வக்கீல் பேச்சு. எதிர்காலத்தைத் திறந்து காட்டுவதாகச் சொல்லும் எதுவும் கூடாது என்பதுதான் அந்தப் பத்தியின் பொருள். காலத்தின் மீதும் பிறர் மீதும் அதிகாரம் செலுத்தும் ஆசை அதில் ஒளிந்திருக்கிறது, கடவுளுக்கு மட்டுமே உரிய மதிப்பு வேறெங்கோ போகிறது என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு வேதாகம அடிப்படையாகக் காட்டப்படுவது இணைச்சட்டம் 18-ஆம் அதிகாரம். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் அதையே உபாகமம் என்பார்கள்.

இதற்கு முந்தைய 2115-ஆம் பத்தியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எதிர்காலத்தைப் பற்றிய தேவையற்ற ஆர்வத்தை விட்டுவிட்டு, இறைவனின் பராமரிப்பில் நம்மை ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அதே பத்தியின் முடிவில், முன்யோசனை இல்லாமலிருப்பது பொறுப்பின்மையாகவும் ஆகலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. நாளை என்ன நடக்கும் என்று குறி கேட்பது ஒன்று. நாளைக்காக இன்று என்ன யோசிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்திக்கொள்வது வேறு. பக்தி மிகுந்த ஒருவரோடு உட்கார்ந்து பேச இடமிருக்கிறது என்றால், அது இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

மற்ற மதத்தவரின் கவலை இதே வடிவத்தில் வருவதில்லை. பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருபவரின் அச்சம் பெரும்பாலும் ஆவிகளைப் பற்றியது. சீட்டைத் தொட்டாலே ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று நினைப்பார். இஸ்லாமியருக்கு விலக்கல் இன்னும் கண்டிப்பானது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 90-ஆம் வசனம், மது, சூதாட்டம் ஆகியவற்றோடு குறி பார்க்கும் அம்புகளையும் சேர்த்தே விலக்குகிறது. குறிசொல்பவரிடம் போய்க் கேட்டவரின் தொழுகை நாற்பது இரவுகளுக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸும் உண்டு. ஒரு முடிவெடுக்க வழிகாட்டல் தேவைப்பட்டால் இஸ்திகாரா தொழுகை இருக்கிறது. "இதுவும் இஸ்திகாரா மாதிரிதான்" என்று சொல்லும் சீட்டுக்காரர் அந்த மனிதரின் வணக்கத்தையே அவமதிக்கிறார். இந்துக் குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்குக் கேட்பதே தவறு என்ற எண்ணம் அரிது. சாமி முன் பூப்போட்டுப் பார்ப்பதும் பிரசன்னமும் அவர்களுக்குப் பழக்கமானவை. பூஜை அறைப் பக்கத்தில் இந்தச் சீட்டை வைக்கலாமா என்ற அளவில்தான் கேட்பார்கள். இங்கே கத்தோலிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன். என்னிடம் இந்தக் கேள்வியோடு வருபவர்களில் அவர்களே அதிகம்.

இனி டாரட்டின் வரலாறு. டாரட் பிறந்தது எகிப்தில் அல்ல, வட இத்தாலியில். அதுவும் சூதாட்டத்துக்கும் பொழுதுபோக்குக்குமான சீட்டாட்டமாகத்தான். 1440-இல் ஃபிளாரன்ஸ் வட்டாரத்து நோட்டரி ஒருவரின் நாட்குறிப்பில் இந்தச் சீட்டுகள் பற்றிய குறிப்பு வருகிறது. அதே நூற்றாண்டின் நடுவில் மிலான் பிரபுக்களுக்காகத் தங்க இழை பூசி வரையப்பட்ட சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. அன்றைய பாதிரியார்கள் இதை எதிர்த்தார்கள். ஆனால் குறி பார்ப்பதற்காக எதிர்க்கவில்லை. சூது என்பதற்காகவும், போப்பாண்டவரையும் வானதூதரையும் சீட்டில் ஏற்றி விளையாடுகிறார்களே என்பதற்காகவும் எதிர்த்தார்கள். 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்ற அறிஞர் இது பண்டைய எகிப்தியரின் ரகசிய நூல் என்று எழுதினார். அவர் முன்பு புராட்டஸ்டன்ட் போதகராக இருந்தவர். அதற்குப் பிறகுதான் குறி பார்க்கும் டாரட் ஐரோப்பாவில் பரவியது. விளையாட்டாக டாரட் ஆடும் வழக்கம் பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் இருக்கிறது. அந்த விளையாட்டின் வரலாற்றை 1980-இல் பெரிய நூலாக எழுதியவர் ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். அவர் உறுதியான கத்தோலிக்கர்.

இன்று நம் ஊரில் அதிகம் புழங்குவது 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் சீட்டு. அதற்குப் படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் 1911-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். சீட்டுப் படங்களிலும் கிறிஸ்தவ அடையாளங்கள் நிறைய உண்டு. இருபதாம் எண் சீட்டில் தூதர் எக்காளம் ஊத, இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து நிற்கிறார்கள். கடைசிச் சீட்டின் நான்கு மூலையிலும் மனிதன், கழுகு, சிங்கம், காளை. நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்கள் அவை. கிண்ணச் சீட்டுகளில் முதலாவதில் ஒரு புறா, சிலுவை பொறித்த அப்பத்தைக் கிண்ணத்துக்குள் இறக்குகிறது.

இதையெல்லாம் படித்தவுடன் ஒரு ரீடருக்கு ஆசை வரும். "பாத்தீங்களா, வரைஞ்சவங்களே உங்க ஆளுதான், நற்கருணையே இருக்கு பாருங்க" என்று சொல்லிக் கேட்பவரைச் சம்மதிக்க வைக்கலாம் என்று. நான் அப்படிச் செய்வதில்லை. காரணம், அந்தக் கதையின் மறுபாதியையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். பமீலா ஸ்மித்தும் அந்தச் சீட்டைத் திட்டமிட்ட ஆர்தர் எட்வர்ட் வெயிட்டும், அதை உருவாக்கிய காலத்தில், கோல்டன் டான் என்ற மறைஞான சங்கத்தின் வழி வந்தவர்கள். பழைய சீட்டுகளில் வெறும் நாணயமாக இருந்தது ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த வட்டமாக மாறியது இவர்கள் கையில்தான். பக்தியுள்ள ஒரு கிறிஸ்தவர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அவர் ஒன்றும் அறியாமையில் சுளிக்கவில்லை. பாதி வரலாறைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது ஏமாற்று. இந்த வரலாறு ஒரே ஓர் இடத்தில்தான் உதவுகிறது. அந்த அட்டைக்குள்ளேயே ஏதோ குடியிருக்கிறது என்று பயப்படுகிறவருக்கு, இது அச்சகத்தில் அடித்த காகிதம், முன்னூறு வருஷமாய் ஜனங்கள் இதை வைத்து விளையாடியதுதான் முதலில் நடந்தது என்று சொல்லலாம். பயம் அடங்கும். ஆனால் குறி கேட்பது சரியா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இப்போது ஒரு சந்திப்பை முழுதாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவர், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பெங்களூரில் இருக்கும் மகள், ஊர் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்துகிறாள். சென்னையில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த இடத்தில், அண்ணன் மகள்தான் இவரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். "அத்தை ரொம்பக் கொழம்பிப் போயிருக்காங்கக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். உள்ளே ஜெபமாலை இருந்தது.

அந்தப் பெண்ணைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். யாராவது அழைத்துக்கொண்டு வந்திருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது இதுதான். வந்தவர் சொந்த விருப்பத்தில் வந்தாரா, மறுக்கத் தெரியாமல் வந்தாரா என்பது அழைத்து வந்தவர் பக்கத்தில் இருக்கும்வரை தெரியாது. சீட்டுக் கட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். மேஜை மேல் சீட்டு இருந்துவிட்டால் பேச்சு அதைச் சுற்றியே ஓடும்.

"என்னம்மா, இதுல ஒண்ணும் தப்பில்லையே?" என்றார் அவர், தனியானதும்.

"உங்களுக்கு எது தப்புன்னு தோணுது டீச்சர்? அதைச் சொல்லுங்க முதல்ல."

இந்தக் கேள்வி மிக அவசியம். "மதத்துக்கு விரோதமோ" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும், அதற்குள் இருக்கும் பயங்கள் வெவ்வேறு. சிலருக்குக் கடவுள் தண்டிப்பார் என்ற பயம். சிலருக்குச் சீட்டின் மேலேயே பயம். சிலருக்கு மாமியாருக்கோ ஜெபக்குழுவுக்கோ தெரிந்துவிடும் என்ற பயம் மட்டும்தான். அவர்களுக்கு மனசாட்சி உறுத்தல் எதுவும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நாம் சொல்லக்கூடியது வேறு. எது என்று தெரியாமல் பேசினால் இல்லாத பயத்துக்கு மருந்து கொடுத்து, இருக்கும் பயத்தைக் கிளறிவிடுவோம்.

டீச்சர் யோசித்துச் சொன்னார்: "சேசுவை நம்பாமப் போய் இங்க வந்து கேக்கறேனோன்னு இருக்கு. தெனமும் ஜெபிக்கேன். ஆனா பதிலு ஒண்ணும் வரல. அதான் வந்தேன். ஞாயித்துக்கிழம நன்மை வாங்கலாமா, கூடாதா? அதுவும் தெரியல."

பயம் தண்டனையைப் பற்றியதல்ல என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. நம்பிக்கைத் துரோகம் செய்கிறேனோ என்ற வருத்தம் அது. இப்படிப்பட்டவரிடம் "வெறும் படம்தான்" என்று சொல்லியிருந்தால் அது அவர் கேட்டதற்கே பதிலாக இருந்திருக்காது.

நான் மூன்று விஷயங்களைச் சொன்னேன். உங்கள் திருச்சபை குறி கேட்பதை விலக்குகிறது, அதை நான் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. வீடு விற்குமா, பெங்களூரில் நன்றாக இருப்பீர்களா என்று சீட்டைக் கலைத்து எடுத்துப் பார்த்தால் அது அந்த விலக்கலுக்குள் வருவதுதான். நன்மை வாங்கலாமா என்பதை உங்கள் பங்குச் சாமியாரிடம்தான் கேட்க வேண்டும், அதில் நான் வாய் திறக்கக் கூடாது. இன்று சீட்டு எடுக்க வேண்டாம், பணமும் வேண்டாம், சாமியாரிடம் பேசிவிட்டு வர விருப்பம் இருந்தால் வாருங்கள், வராவிட்டாலும் ஒன்றும் குறையில்லை என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து வந்தார், தனியாக. சாமியாரிடம் பேசியதாகச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பதை டீச்சர் முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எதிர்காலத்தக் கேக்கக் கூடாது. ஆனா யோசிக்கறதுக்குப் பேசிக்கிறதுல தப்பில்ல" என்ற அளவில் அவர் எல்லை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த எல்லை எனக்குப் போதும்.

அன்று நாங்கள் செய்தது இது. சீட்டைக் கலைக்கவில்லை. கவிழ்த்துப் போடவில்லை. எழுபத்தெட்டில் இருபத்திரண்டு பெரிய சீட்டுகளை, சாத்தானும் மரணமும் வரும் அந்தக் கட்டை, அவர் சம்மதத்தோடு எடுத்து வைத்துவிட்டேன். சத்தமில்லாமல் உருவிவைப்பது எனக்குப் பிடிக்காது. எதை எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம் என்று சொல்லித்தான் எடுத்தேன். மிச்சமிருந்த சிறிய சீட்டுகளில், சாதாரண மனிதர்கள் ஏதோ செய்துகொண்டிருக்கும் காட்சிகள் உள்ளவற்றை முகம் தெரியும்படி மேஜையில் பரப்பினேன். படகில் போகும் பெண், தோட்டத்தில் நிற்பவள், பணத்தை நெஞ்சோடு அணைத்திருப்பவன், படுக்கையில் எழுந்து முகத்தை மூடிக்கொண்டிருப்பவள்.

"மூணு படம் நீங்களே எடுங்க டீச்சர். ஒண்ணு ஊர் வீட்டுல நீங்க எப்படி இருக்கீங்கங்கறதுக்கு. ஒண்ணு மக வீட்டுல எப்படி இருப்போம்னு நீங்க நெனைக்கறதுக்கு. ஒண்ணு எது உங்களப் போக விடாம இழுக்குதோ அதுக்கு."

இதில் இருக்கும் வேறுபாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சீட்டு பார்ப்பதைக் குறியாக்குவது தற்செயல். கலைத்து, கவிழ்த்து, கண்தெரியாமல் எடுத்த சீட்டு தற்செயலாக வந்ததல்ல, எங்கிருந்தோ எனக்கு அனுப்பப்பட்டது என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் அது குறி. கண்ணைத் திறந்து, தன் மனதுக்கு ஒத்துவரும் படத்தைத் தானே தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தற்செயல் போய்விடுகிறது. எங்கிருந்தும் செய்தி வரவில்லை. பேசக் கஷ்டமான ஒன்றைப் பேசுவதற்குப் படம் கைகொடுக்கிறது, அவ்வளவே. ஆனாலும் இதை வைத்து "அப்போ பாவமில்லை" என்று நான் முடிவு சொல்வதில்லை. டாரட் என்ற பெயரே பிறருக்கு இடறலாகலாம் என்று சொல்லும் சாமியார்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. படத்தைப் பார்ப்பதே உறுத்தினால் பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களைக் கொண்டும் இதே வேலையைச் செய்யலாம்.

டீச்சர் முதலில் எடுத்தது நைன் ஆஃப் பென்டக்கிள்ஸ். திராட்சைத் தோட்டத்தில் கையில் ஒரு பறவையோடு தனியாக நிற்கும் பெண். "தனியாத்தான் நிக்கா. ஆனா யாரையும் எதிர்பார்த்து நிக்கல" என்றார். மகள் வீட்டுக்கு டென் ஆஃப் பென்டக்கிள்ஸ். அதில் வளைவுக்கு வெளியே ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்றி நாய்களும் குழந்தையும். உள்ளே நிற்கும் இளம் தம்பதி அவர் பக்கம் திரும்பவில்லை. "பேரப்பிள்ள கிட்ட வரும். மத்தவங்க அவங்க சோலியப் பாப்பாங்க. தப்பில்ல, அவங்களுக்கும் வேல இருக்கு" என்றார்.

மூன்றாவதற்கு நெடுநேரம் ஆனது. அந்த நட்சத்திரம் என்ன என்று இடையில் கேட்டார். மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸை விரலால் தொட்டார். பனி கொட்டும் இரவு. கந்தல் துணியோடு இருவர் நடக்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலோடு. அவர்களுக்கு மேலே ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே விளக்கு எரிகிறது.

"கோயிலுக்கு வெளிய நிக்காங்களே" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. பேசியபோது வந்தது வீட்டைப் பற்றியே அல்ல. கணவரின் கல்லறை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு வருஷமும் இவர்தான் போய்ப் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றுகிறார். வீட்டை விற்றுவிட்டால் ஊரில் இறங்க இடமில்லை. "அவருக்கு யாரு தெரி வைப்பா? இதப் போயி பிள்ளகிட்ட எப்படிச் சொல்ல? வீட்டுக்காக யோசிக்கேன்னு நெனைக்கட்டும்னு விட்டுட்டேன்."

மூன்று சீட்டும் நாணய வரிசையிலேயே வந்ததைப் பார்த்து, பணம், சொத்து, பாதுகாப்பு என்று புத்தகப் பலன் சொல்ல ஒரு ரீடருக்கு வாய் துடிக்கும். இந்த மாதிரி அமர்வில் அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பலன்கள் எனக்குத் தெரிந்த குறியீடுகள், அவருடையவை அல்ல. அவற்றைச் சொல்லத் தொடங்கினால், வாசல் வழியாக வெளியே அனுப்பிய குறி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அவர் சொன்னதைத் திரும்ப அவரிடமே சொன்னேன். மகளிடம் வீட்டைப் பற்றிப் பேசும் முன் நவம்பரைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டேன். ஊரில் ஓர் அறையை வைத்துக்கொண்டு மிச்சத்தை வாடகைக்கு விடுவது, கல்லறைத் திருநாளுக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு வருவது என்று அவரே வழிகளை யோசிக்கத் தொடங்கினார். பேசி முடித்ததும் சீட்டுகளை எடுத்துக் கட்டிவிட்டேன்.

இதெல்லாம் எப்போதும் இப்படி நல்லபடியாக நடக்கும் என்று நினைக்கக் கூடாது. எங்கே கெட்டுப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளச் சில அறிகுறிகள் உண்டு. படம் ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் ஒருவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டால், சம்மதம் வாயில்தான் இருக்கிறது, மனதில் இல்லை. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "இந்தப் படத்தைக் கடவுள்தானே என்னை எடுக்க வச்சாரு?" என்று கேட்டாலும் நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தில் படம் மறுபடி குறியாகிவிட்டது. "ஆமாம், கடவுள்தான் பேசுகிறார்" என்று ஒரு ரீடர் சொன்னால், கடவுளின் வாயைத் தன் வாயாக மாற்றிக்கொண்டார் என்று அர்த்தம். பக்தியுள்ளவர் அதற்குப்பின் எதிர்த்துக் கேள்வி கேட்கவே முடியாது.

பக்தர்களை இழுப்பதற்காகச் செய்யப்படும் சில சமாளிப்புகளும் இதே வகைதான். மேஜையில் மாதா படம் வைப்பது, சீட்டு எடுக்கும் முன் ஒரு ஜெபம் சொல்ல வைப்பது, "டாரட் பயமா இருந்தா ஏஞ்சல் கார்டு பாக்கலாம்" என்பது. வானதூதர் படம் போட்டிருந்தாலும் கலைத்துக் கவிழ்த்து எடுத்து எதிர்காலம் சொன்னால் அது குறிதான். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. வந்தவரின் மனசாட்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதைத் தூங்க வைக்கும் வேலை அது. அதைவிட மோசமானது, வந்தவரின் பயத்தையே காசாக்குவது. "உங்க மேல ஏதோ இருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்று தொடங்கும் யாரிடமும் மேற்கொண்டு பேசாமல் எழுந்துவிடுவது நல்லது. ஏற்கெனவே பாவம் செய்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இந்தத் தந்திரம் எவ்வளவு சுலபமாகப் பலிக்கும் என்பது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மிக அரிதாக இன்னொரு வகை மனிதர் வருவார். போன வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தார், முந்தாநாள் மறுபடி செய்தார், அது செல்லுமா என்று சந்தேகம் வந்து இன்று என்னிடம் கேட்கிறார். சீட்டு பார்த்தாலும் குற்றம், பார்க்காமல் விட்டாலும் ஏதோ எச்சரிக்கையைத் தவறவிட்டுவிட்டோமோ என்ற பயம். பேசப் பேச அவருடைய கேள்விகள் குறையாது, கூடும். ஒரு பதில் சொன்னால் அரைமணி நேரத்தில் அதே கேள்வி வேறு சொற்களில் வரும். கத்தோலிக்க மரபில் குருக்களுக்கு இது நன்கு பழக்கமான நிலை. மருத்துவர்கள் இதை ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயின் மதம் சார்ந்த வடிவமாகப் பார்க்கிறார்கள். இவரிடம் சீட்டை எடுக்கவே கூடாது, முகம் தெரியும்படி பரப்பியும் கூடாது. பாவமா இல்லையா என்று விளக்கமும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனியாகும். ஒரே குருவிடம் தொடர்ந்து போய் அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்வதும், மனநல மருத்துவரைப் பார்ப்பதும்தான் அவருக்கு உதவும். அதை நேராகச் சொல்லி, வாங்கிய பணத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இத்தனை சிக்கலும் குறைய எளிய வழி, இந்தப் பேச்சைப் போனிலேயே முடித்துவிடுவது. நேரம் கேட்டு அழைக்கும்போதே நான் கேட்டுவிடுகிறேன்: உங்கள் வீட்டில், உங்கள் கோயிலில், பள்ளிவாசலில் இதற்கு ஏதும் தடை இருக்கிறதா, அது உங்களுக்கு உறுத்துமா? சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். சிலர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப அழைப்பதில்லை. பஸ் பிடித்து வந்து, பணம் எடுத்து வைத்து, இனி எப்படித் திரும்பிப் போவது என்ற கூச்சத்தில் சீட்டைத் தொடுவதைவிட, வீட்டிலிருந்தபடியே வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.